விவாகரத்துக்குப் பிறகு பிறந்த வீட்டுப் பெயர்: கெஸட்டா, தீர்ப்பு நகலா? எதை முதலில் மாற்றுவது?

கல்யாணம் ஆனதும் பெயரை மாற்றிக்கொள்ள வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்வதில்லை. ஆனாலும் ஆதார் மையத்திலோ வங்கியிலோ ஏதோ ஒரு கட்டத்தில் தகப்பனார் இனிஷியல் போய், கணவர் பெயர் வந்து சேர்ந்துவிடுகிறது. விவாகரத்து ஆனதும் அது தானாகத் திரும்பி வருவதில்லை. நீதிமன்றம் யாருக்கும் தகவல் அனுப்புவதில்லை. ஒவ்வொரு அலுவலகத்துக்கும் நாமே போய், நாமே நிரூபித்து, நாமே மாற்ற வேண்டும். அந்த வேலையை எந்த ஆவணத்தை வைத்துச் செய்வது, எங்கே தொடங்குவது என்ற இரண்டையும் முதலிலேயே முடிவு செய்துகொண்டால் பாதி அலைச்சல் இல்லை.

பேசுவதற்கு வசதியாக ஒருவரை வைத்துக்கொள்வோம். செல்வராஜ் மகள் கவிதா. பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழிலும் பட்டத்திலும் 'எஸ். கவிதா'. கல்யாணத்துக்குப் பிறகு ஆதார், பான், பாஸ்போர்ட், வங்கிக் கணக்கு, பிஎஃப் எல்லாவற்றிலும் 'கவிதா ரமேஷ்'. வாக்காளர் அட்டையில் வெறும் கவிதா, கணவர் பெயர் ரமேஷ். தனியார் நிறுவனத்தில் வேலை, ஏழு வயதில் ஒரு மகள். குடும்ப நல நீதிமன்றத்தில் பரஸ்பர சம்மத விவாகரத்து கிடைத்துவிட்டது. இனி அவர் 'கவிதா செல்வராஜ்' ஆக வேண்டும்.

தீர்ப்பு நகல் மட்டும் போதுமா?

முதல் வழி, நீதிமன்றத்தின் சான்றிட்ட தீர்ப்பு நகலை மட்டும் வைத்துக்கொண்டு ஒவ்வொரு அலுவலகமாகப் போவது. தனியாகச் செலவு இல்லை, காத்திருப்பும் இல்லை. பாஸ்போர்ட் அலுவலகம் விவாகரத்தால் வரும் பெயர் மாற்றத்துக்கு இதை ஏற்கிறது. ஆதாரிலும் இதை ஆதாரமாகக் காட்டலாம்.

ஆனால் தீர்ப்பாணையை எடுத்து ஒருமுறை நிதானமாகப் படித்துப் பாருங்கள். மனுதாரர் பெயர் என்று என்ன போட்டிருக்கிறது? பெரும்பாலும் கல்யாணத்துக்குப் பிந்தைய பெயர்தான் இருக்கும். அப்படியென்றால் கவிதா ரமேஷுக்கும் ரமேஷுக்கும் இருந்த திருமணம் முடிந்துவிட்டது என்பதை அந்தக் காகிதம் நிரூபிக்கும். கவிதா ரமேஷும் பள்ளிச் சான்றிதழில் இருக்கும் எஸ். கவிதாவும் ஒருவரே என்பதை நிரூபிக்காது. கவுன்டரில் உட்கார்ந்திருப்பவர் கேட்பது இந்த இரண்டாவது கேள்வியைத்தான். இரண்டு பெயரையும் ஒரே பக்கத்தில் சேர்த்துச் சொல்லும் அதிகாரபூர்வமான காகிதம் ஏதாவது இருக்கிறதா என்று அவர் தேடுகிறார்.

வழக்கு இன்னும் முடியவில்லை என்றால் இதை இப்போதே சரிசெய்துவிடலாம். மனுவின் தலைப்பில் 'எஸ். கவிதா என்கிற கவிதா ரமேஷ், தகப்பனார் பெயர் செல்வராஜ்' என்று போடச் சொல்லுங்கள். பரஸ்பர சம்மத மனு என்றால், 'இனி மனைவி தன் பிறந்த வீட்டுப் பெயரையே பயன்படுத்துவார்' என்ற ஒரு வரியையும் சேர்க்கச் சொல்லி வக்கீலிடம் கேளுங்கள். எதிர்த்தரப்பு இதை மறுக்கக் காரணமே இல்லை. மனுவில் ஒரு வரி கூடுகிறது, அவ்வளவுதான். அந்த ஒரு வரி இருந்தால் தீர்ப்பு நகலே இரண்டு பெயரையும் இணைக்கும் ஆவணம் ஆகிவிடும். இதைப் பல பெண்களுக்கு யாரும் சொல்வதே இல்லை என்பது எனக்கு ஆதங்கம். ஜீவனாம்சம், குழந்தை யாரிடம் என்ற பேச்சுகளுக்கு நடுவே பெயர் யாருக்கும் ஞாபகம் வருவதில்லை.

அந்த வரி இல்லாத தீர்ப்பு நகல் முக்கியமாக இரண்டு இடங்களில் முட்டி நிற்கும். ஒன்று வங்கி. ரிசர்வ் வங்கியின் கேஒய்சி வழிகாட்டுதலின்படி, அடையாள ஆவணம் வழங்கப்பட்ட பிறகு ஒருவருடைய பெயர் மாறியிருந்தால், மாநில அரசு வழங்கிய திருமணச் சான்றிதழோ அரசிதழ் அறிவிப்போ இணைத்தால் பழைய பெயரில் உள்ள ஆவணத்தையே ஏற்கலாம். கவனியுங்கள், அந்த வரியில் விவாகரத்துத் தீர்ப்பு இல்லை. அதனால்தான் தீர்ப்பு நகலோடு போகும் பெண்ணிடம் சில கிளைகளில் 'கெஸட் இருக்கா?' என்று கேட்கிறார்கள். அங்கே வாக்குவாதம் செய்து பயனில்லை. ஆதாரையோ பாஸ்போர்ட்டையோ புதிய பெயரில் வாங்கிக்கொண்டு திரும்பப் போவதே வழி.

இன்னொன்று பான். கல்யாணத்தால் பெயர் மாறும் பெண்களுக்குத் திருமணச் சான்றிதழ், கல்யாணப் பத்திரிகை என்று பல ஆவணங்களைப் பான் விதிகள் ஏற்கின்றன. மற்றவர்களுக்கு அரசிதழ் அறிவிப்போ கெஸடட் அதிகாரி தரும் சான்றோ கேட்கப்படுகிறது. பெயர் மாற்றப் போனது சுலபமாகவும், திரும்பி வருவது கடினமாகவும் இருப்பதற்கு இந்த மாதிரிப் பட்டியல்கள் ஒரு காரணம்.

அரசிதழ் வழி

இரண்டாவது வழி, முதலில் தமிழ்நாடு அரசிதழில் பெயர் மாற்றத்தை வெளியிடுவது. அரசின் எழுதுபொருள் மற்றும் அச்சுத்துறைக்கு விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பத்தோடு பிறப்பு அல்லது பள்ளிச் சான்றிதழ், பழைய பெயரில் உள்ள அடையாள அட்டை, விவாகரத்துத் தீர்ப்பின் நகல், சான்றொப்பமிட்ட புகைப்படம் ஆகியவற்றைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். வெளியாகும் அறிவிப்பு சின்னதுதான்: இன்ன பெயருடைய நான், இன்னாரின் மகள், இன்ன தேதியில் பிறந்தவர், இன்ன முகவரியில் வசிப்பவர், இனிமேல் இன்ன பெயரால் அழைக்கப்படுவேன் என்ற ஒரே வாக்கியம். பழைய பெயர், புதிய பெயர், தகப்பனார் பெயர், பிறந்த தேதி எல்லாம் ஒரே இடத்தில் வந்துவிடுகின்றன. வங்கி, பான், பிஎஃப், பத்திரப் பதிவு எங்கே போனாலும் அந்தப் பக்கம் பேசும்.

இதற்கும் குறை உண்டு. வெளியாகும் வரை காத்திருக்க வேண்டும். அதைவிடப் பெரிய விஷயம், அரசிதழ் பொது ஆவணம்; இணையத்திலும் கிடைக்கும். உங்கள் இப்போதைய முகவரி அதில் அச்சாகும். அடி உதையிலிருந்து தப்பி வந்த பெண், தான் எங்கே இருக்கிறோம் என்று முன்னாள் கணவருக்குத் தெரியக்கூடாது என்று நினைப்பவர், இதை யோசித்துத்தான் செய்ய வேண்டும். அப்படிப்பட்டவருக்கு நான் தீர்ப்பு நகல் வழியையே சொல்வேன், அதில் எத்தனை நடை கூடினாலும் சரி.

அந்தப் பயம் இல்லாத கவிதாவுக்கு? தீர்ப்பில் 'என்கிற' வரி இல்லை என்றால் கெஸட்தான். வேலை, வங்கி, முதலீடு, பிஎஃப் என்று ஐந்தாறு இடங்களில் பெயர் இருப்பவருக்கு அந்தக் காத்திருப்பு வீண் போகாது. வேலைக்குப் போகாத, ஒரே ஒரு வங்கிக் கணக்கும் ஆதாரும் மட்டும் உள்ளவருக்குத் தீர்ப்பு நகலை வைத்து ஆதாரை மாற்றி, அந்த ஆதாரை வைத்து வங்கியை மாற்றினாலே வேலை முடிந்துவிடும்.

விவாகரத்து இன்னும் கிடைக்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. மத்திய அரசிதழில் திருமணமான பெண் பிறந்த வீட்டுப் பெயருக்குத் திரும்ப வேண்டுமானால் விவாகரத்துத் தீர்ப்போ கணவரின் ஆட்சேபனையின்மைக் கடிதமோ வேண்டும் என்று ஒரு அறிவிப்பு கேட்கிறது. இதை எதிர்த்து 2024இல் ஒரு பெண் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனார். தன் பெயரைத் திரும்ப எடுத்துக்கொள்ள ஒருவர் கணவரிடம் கடிதம் வாங்க வேண்டும் என்பது எனக்கு ஏற்கவே முடியாத நிபந்தனை. ஆனால் இன்றைக்குக் காகிதம் நகர வேண்டும் என்றால், தீர்ப்பு வரும் வரை பொறுத்திருப்பதே நடைமுறையில் சுலபம்.

பெயரை எழுத்து எழுத்தாக முடிவு செய்வது

எங்கேயும் விண்ணப்பிக்கும் முன் ஒரு வேலை இருக்கிறது. புதிய பெயரை ஆங்கிலத்தில் எப்படி எழுதப் போகிறீர்கள்? இனிஷியல் முன்னாலா பின்னாலா, விரித்தா சுருக்கியா? 'எஸ். கவிதா' என்று பள்ளிச் சான்றிதழில் இருக்கலாம். ஆனால் பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்துத்தான் எழுத வேண்டும். பான் விண்ணப்பத்திலும் முதற்பெயர், கடைசிப் பெயர் கட்டங்களில் சுருக்கெழுத்து கூடாது. ஆதாரில் மட்டும் இனிஷியலோடு போட்டுவிட்டால் பிறகு பானும் ஆதாரும் ஒத்துப்போகாமல் நிற்கும். ஆகவே கவிதா எல்லா இடத்திலும் 'கவிதா செல்வராஜ்' என்று விரித்தே எழுதுவது நல்லது. அரசிதழிலும் அதே எழுத்துக்கூட்டல் இருக்க வேண்டும். 'எஸ். கவிதா' என்பதும் அதே ஆள்தான் என்பதற்குத் தகப்பனார் பெயர் அச்சான பள்ளி மாற்றுச் சான்றிதழ் கையில் இருந்தால் போதும்.

இவ்வளவு கண்டிப்பாகச் சொல்வதற்குக் காரணம் ஆதார். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்றலாம். கல்யாணத்துக்குப் பிறகு கவிதா ஒரு முறையைச் செலவழித்துவிட்டார். மிச்சம் ஒன்றுதான். நடுவில் எழுத்துப்பிழை திருத்தப் போயிருந்தால் அதுவும் கணக்கில் வந்திருக்கும். இரண்டும் முடிந்தவர்கள் அரசிதழ் அறிவிப்போடு ஆதார் மண்டல அலுவலகத்தின் சிறப்பு அனுமதிக்குப் போக வேண்டியிருக்கும். அந்த நிலையில் இருப்பவருக்குத் தீர்ப்பா கெஸட்டா என்ற ஒப்பீட்டுக்கே இடமில்லை, கெஸட் எடுத்தே ஆக வேண்டும்.

ஆதார் முதலிலா, பாஸ்போர்ட் முதலிலா?

இரண்டுமே சாத்தியம். பாஸ்போர்ட்டை முதலில் மாற்றினால், அது தனியாகவே பெயருக்கும் முகவரிக்கும் வலுவான சான்று. வங்கி உடனே ஏற்கும். ஆதாரையும் அதை வைத்து மாற்றலாம். 36 பக்க மறுவெளியீட்டுக்கு ரூ.1,500 கட்டணம். அதோடு கடைசிப் பக்கத்தில் இருக்கும் கணவர் பெயரையும் நீக்கிவிடலாம். குறை என்னவென்றால், விண்ணப்பத்தில் புதிய பெயர், முகவரிச் சான்றாகக் கொடுக்கும் ஆதாரில் பழைய பெயர் என்று இருக்கும்போது கேள்வி எழுகிறது. போலீஸ் விசாரணையின்போதும் வீட்டுக்கு வருபவரிடம் அதையே விளக்க வேண்டியிருக்கும்.

ஆதாரை முதலில் மாற்றினால் மற்றவை அதன் பின்னால் வரும். பான் திருத்தத்தை ஆதார் வழி இ-கேஒய்சியில் செய்யலாம். பிஎஃப் பதிவும் ஆதாரோடுதான் ஒப்பிடப்படுகிறது. உள்நாட்டில் வேலை செய்யும் கவிதாவுக்கு ஆதார்தான் முதல் படி என்பது என் முடிவு. வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ வேலை செய்யும் பெண்ணுக்கு இது தலைகீழ். அங்கே குடியிருப்பு அனுமதி, வங்கி, சம்பளம் எல்லாம் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரில் ஓடுகின்றன. அவர் இந்தியத் தூதரகத்தில் பாஸ்போர்ட்டை மாற்றி, அந்த நாட்டு அட்டையை மாற்றி, ஊருக்கு வரும்போது ஆதாரைப் பார்த்துக்கொள்ளலாம்.

இரண்டு மூன்று மாதத்தில் வெளிநாட்டுப் பயணம் இருக்கிறதா? அப்படியென்றால் பாஸ்போர்ட்டைத் தொடவே வேண்டாம். ஆதாரில் பெயர் மாறியதால் பழைய பெயர் பாஸ்போர்ட் செல்லாமல் போகாது. டிக்கெட்டும் விசாவும் அந்தப் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரிலேயே இருக்கட்டும், போய் வந்த பிறகு மாற்றுங்கள்.

கவிதாவின் வரிசை

ஆதார் மையத்துக்குப் போகும்போது பெயருக்கும் முன்னால் செல்பேசி எண்ணைப் பாருங்கள். பல குடும்பங்களில் மனைவியின் ஆதாரோடும் வங்கிக் கணக்கோடும் கணவரின் எண்தான் இணைந்திருக்கிறது. ஓடிபி அவருக்குப் போகும் வரை நீங்கள் எதை மாற்றினாலும் அவருக்குத் தெரியும், பல வேலைகள் அவர் தயவில்லாமல் நடக்காது. எண்ணை மாற்ற ஆவணம் எதுவும் தேவையில்லை, நேரில் போனால் போதும். அதே வருகையில் பெயரையும் முகவரியையும் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள். முகவரியில் கணவர் பெயர் இருந்தால் அதுவும் போய்விடும். ஒரே வருகையில் கொடுக்கும் இந்தத் திருத்தங்களுக்குச் சேர்த்து ரூ.75தான் கட்டணம். ஒப்புகைச் சீட்டு கைக்கு வந்ததும், அதில் ஆங்கில எழுத்துக்கூட்டலையும் தமிழ் எழுத்தையும் அங்கேயே நின்று படித்துப் பாருங்கள். மிச்சமிருக்கும் ஒரே வாய்ப்பு இது.

அடுத்தது பான். இங்கே ஒரு நல்ல விஷயம், பான் அட்டையில் எப்போதுமே கணவர் பெயர் இருந்ததில்லை. கல்யாணமான பெண்ணுக்கும் தகப்பனார் பெயர்தான். பெயர் மாறினாலும் பான் எண் மாறாது என்பதால் பிடித்தம் செய்த வரி எங்கும் தொலைந்து போகாது. ஆனால் வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்து ரீஃபண்டுக்குக் காத்திருக்கும் நேரத்தில் பானைத் திருத்தாதீர்கள். ரீஃபண்ட் வரும் வங்கிக் கணக்கின் பெயர் பானோடு ஒத்துப்போக வேண்டும். பான் புதிய பெயரிலும் வங்கி பழைய பெயரிலும் இருக்கும் அந்த இடைவெளியில் பணம் நின்றுவிடலாம். ரீஃபண்ட் வந்த பிறகு பானை மாற்றி, அடுத்து தாமதிக்காமல் வங்கிக்குப் போவது பாதுகாப்பு.

வங்கியில் பெயரோடு மூன்று விஷயங்களைச் சேர்த்துப் பாருங்கள்: கூட்டுக் கணக்கு ஏதாவது இருக்கிறதா, லாக்கர் யார் பெயரில் இருக்கிறது, நாமினி யார். விவாகரத்து ஆனதால் வங்கியில் போட்ட நாமினி பெயர் தானாக விலகாது. எழுதிக் கொடுத்து மாற்றும் வரை முன்னாள் கணவர்தான் நாமினி. காப்பீட்டிலும் இதே நிலைதான். பெயர் மாற்றம் ஒரு மாதம் தள்ளிப்போனாலும் நாமினி மாற்றத்தைத் தள்ளிப்போடாதீர்கள்.

வங்கி மாறியதும் அலுவலகத்தில் மனிதவளப் பிரிவுக்கு எழுதிக் கொடுங்கள். சம்பளம் நிற்காமல் இருக்கக் கணக்கு எண்ணும் பெயரும் சேர்ந்தே அவர்களுக்குத் தெரிய வேண்டும். பிஎஃப் பதிவை 2025 ஜனவரியிலிருந்து கொஞ்சம் எளிதாக்கியிருக்கிறார்கள். 2017 அக்டோபர் 1 அல்லது அதற்குப் பிறகு யுஏஎன் வாங்கி, அதை ஆதாரோடு சரிபார்த்தவர்கள், நிறுவனத்தின் ஒப்புதல் இல்லாமலே பெயரைத் தாங்களே ஆன்லைனில் திருத்திக்கொள்ளலாம். அதற்கு முந்தைய எண் என்றால் நிறுவனத்தின் வழியாகப் போக வேண்டும். அப்படியே பிஎஃப் நாமினியையும் புதுப்பித்துவிடுங்கள். ஆதாரில் பெயர் மாறி பிஎஃப்பில் மாறாமல் இருந்தால், பணம் எடுக்க விண்ணப்பிக்கும் அன்றுதான் அது தெரியவரும். அன்று பணம் அவசரமாகத் தேவைப்படும்.

வாக்காளர் பட்டியலுக்குப் படிவம் 8. கட்டணம் இல்லை. உறவு என்ற இடத்தில் கணவருக்குப் பதில் தந்தை என்று மாற்றலாம். இதை எப்போது செய்தாலும் சரி.

ரேஷன் கார்டை மட்டும் கொஞ்சம் யோசித்துச் செய்யுங்கள், ஏனென்றால் இது பெயரைவிடக் குடும்பம் பற்றிய பதிவு. கவிதா பழைய அட்டையிலிருந்து பெயரை நீக்கிய பிறகுதான் பெற்றோர் அட்டையில் சேரவோ தனி அட்டைக்கு விண்ணப்பிக்கவோ முடியும். பழைய அட்டையில் அவரே குடும்பத் தலைவி என்றால், 2023 செப்டம்பரில் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகை போன்றவை அந்த அட்டையை வைத்தே வருகின்றன. தொகை வாங்குபவர் நீக்கலுக்கு விண்ணப்பிக்கும் முன் வட்ட வழங்கல் அலுவலகத்தில் இதைக் கேட்டுக்கொள்வது நல்லது.

மாற்றாமல் விட வேண்டியவை

எல்லாவற்றையும் மாற்றியே தீர வேண்டும் என்று இறங்குபவர்கள் இங்கே நேரத்தையும் பணத்தையும் விடுகிறார்கள். கவிதா ரமேஷ் என்ற பெயரில் ஒரு மனை வாங்கியிருந்தால், பதிவான கிரயப் பத்திரத்தைத் திருத்தத் தேவையில்லை. வாங்கிய அன்று அதுதான் அவர் பெயர், அதில் பிழை எதுவும் இல்லை. பின்னாளில் விற்கும்போதோ மகளுக்கு எழுதிவைக்கும்போதோ புதிய பத்திரத்தில் 'கவிதா ரமேஷ் என்கிற கவிதா செல்வராஜ்' என்று எழுதி, அரசிதழ் தேதியையும் குறிப்பிட்டால் போதும். பட்டாவில் பெயரைத் திருத்த விரும்பினால் அதைத் தனியாகச் செய்துகொள்ளலாம்.

மகளின் பிறப்புச் சான்றிதழில் தாயின் பெயர் 'கவிதா ரமேஷ்' என்று இருக்கும். அதையும் நான் தொட மாட்டேன். மகளின் இனிஷியலுக்கும் தாயின் பெயர் மாற்றத்துக்கும் சம்பந்தம் இல்லை. குழந்தையின் இனிஷியலையும் சேர்த்து மாற்றுவது வேறு விவகாரம், அதில் தந்தையின் உரிமையும் வந்து நிற்கும். பள்ளியில் புதிய பெயரைக் கடிதமாகக் கொடுத்து, அரசிதழ் நகலை மகளின் கோப்பில் சேர்க்கச் சொன்னால் போதும். மகளுக்குப் பாஸ்போர்ட் எடுக்கும்போதோ அவளோடு விமானம் ஏறும்போதோ தாயின் பெயர் ஏன் வேறாக இருக்கிறது என்று கேட்டால், அரசிதழ் நகலையும் குழந்தை யாரிடம் இருக்கும் என்று சொல்லும் நீதிமன்ற உத்தரவின் நகலையும் சேர்த்துக் காட்ட வேண்டும். அதனால் தீர்ப்பின் சான்றிட்ட நகலை நீதிமன்றத்தில் விண்ணப்பிக்கும்போது ஒன்றுக்கு மேற்பட்டதாகவே கேட்டு வாங்குங்கள். ஒன்றை எந்த அலுவலகத்திலும் ஒப்படைக்காமல் வீட்டிலேயே வைத்துக்கொள்ள வேண்டும்.